ஏழு சுரங்களின் விரிவு

இசை ஆக்குவோர்க்குப் புதுமெட்டு ஊற்றெடுத்தவண்ணம் இருத்தல் வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். செர்மானிய இசைமேதை பாக் இயற்றிய முதலாம் ‘இன்வென்ஷன்’ என்னும் சிறு கீபோர்டு உருப்படியை ஆர்மோனியத்தில் பலமுறை வாசித்துப் பார்த்த நாம் அதனை ஒப்புவதற்கில்லை. தம் மூத்த மகனுக்கென 1720-இல் அவர் தொடங்கிய பாட ஏட்டில் இடம்பெற்று, 1723-இல் செம்மைப்படி கண்டது இது. மொத்தம் 22 தாளக்கட்டங்களே. முதல் ஏழு சுரங்களே அதன் முதலீடு.

நமக்குப் பழகிய சங்கராபரணச் சுரங்களாகவே அதனைச் சொல்வோம்: ச ரி க ம ரி க ச. வலக்கை இதனை வாசித்து முடிக்குமுன்னரே செவி அதனை அறிந்துகொள்கிறது. உடனே இடக்கை கீழ்த்தாயியில் அதனையே திரும்பக் கூறுகிறது. இரண்டாம் கட்டத்தில் அது பஞ்சமத்திற்கு இடம்பெயர்ந்து ப த நி ச த நி ப ஆகிறது. இடக்கை மீண்டும் வழிமொழிகிறது.

நான்கு முறை ஏறிய பின் செவி இறக்கத்தை நாடுகிறது. மூன்றாம் கட்டத்தில் பாக் கோவையைத் தலைகீழாக்குகிறார். ஏறிய படிகள் அத்தனையும் இறங்குகின்றன. இறங்கியவை ஏறுகின்றன: த ப ம க ப ம த. நீரில் தெரியும் கோபுர நிழல் போன்றது இது. பின்னர் அவ்வடிவமே இரண்டிரண்டு படி தாழ்ந்து வரிசையாகிறது: ம க ரி ச க ரி ம; ரி ச நி த ச நி ரி.

இங்கு நுண்மை ஒன்றுண்டு. முதல் தலைகீழ் வடிவில் அரைச்சுர, முழுச்சுர இடைவெளிகள் மூலத்தோடு அப்படியே பொருந்துகின்றன. அடுத்ததிலும் அவ்வாறே பொருத்த முயன்றால் மத்திமத்திலிருந்து கோமளக் காந்தாரமும் கோமள ரிஷபமும் வந்து நுழையும். ஆர்மோனியத்தில் வாசித்தால் இராகம் கெடுவது உடனே புலனாகும். எனவே பாக் படிகளின் எண்ணிக்கையைக் காத்து, அவற்றின் அகலத்தை இராகத்திடம் விட்டுவிடுகிறார்.

வரிசைக்கும் எல்லையுண்டு. மூன்றாவது வந்ததும் அடுத்ததைக் கேட்போர் முன்கூட்டியே ஊகித்துவிடுவர். சரளி வரிசை பயிற்சியாகவே நின்றுவிடுவது இதனாலன்றோ! அது சென்றடைய வேண்டிய ஊர் ஏதுமில்லை. பாக்கின் நான்காவதோ நி த ப ம த ப நி என்றே வருகிறது. ஆயினும் அந்த மத்திமம் சுத்த மத்திமமன்று, பிரதி மத்திமம். அவ்வொரு சுரத்தின் மாற்றத்தால் பஞ்சமம் புதிய ஆதாரமாகத் தோன்றுகிறது. ஏழாம் கட்டத்தில் இசை அங்கேயே சென்று தங்குகிறது. அங்கே இடக்கை அதே ஏழு சுரங்களைப் பஞ்சமத்திலிருந்து தொடங்க, இம்முறை வழிமொழிவது வலக்கை.