ஐம்பத்தாறும் இருபத்தாறும்

2001-ல் ஒரத்தநாடு பக்கத்துக் கிராமத்தில் எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் தஞ்சாவூரில் மோடம் வாங்கினார். அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘56 கே’ என்று போட்டிருந்தது. செகண்டுக்கு 56,000 பிட் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து டெலிபோன் ஒயரைச் சொருகி இன்டர்நெட்டைக் கூப்பிட்டால், கொய்ங் என்று கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, 26,400-க்குத்தான் சம்மதித்தது. ஐப்பசி மழையில் அதுவும் போய் 21,600. சிங்கப்பூரிலிருந்து பேரன் அனுப்பிய முந்நூறு கேபி போட்டோ ஒன்று இறங்க ஒன்றரை நிமிஷம். மழை நாளில் ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதுவரை டெலிபோன் மீட்டர் ஓடும்.

“பாதிக்குப் பாதி ஏமாத்திட்டான் சார்” என்று கடைக்காரர் மேல் பாய்ந்தார் ஆசிரியர். கடைக்காரர், “ஒங்க லைன் சரியில்ல” என்று எக்ஸ்சேஞ்சைக் கை காட்டினார். யார் சொன்னது சரி?

இதற்குத் தீர்ப்பு சொல்ல இரண்டு பேரைக் கூப்பிட வேண்டும். முதலாமவர் ஹாரி நைக்விஸ்ட். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்கா போய் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தவர். தந்தி அனுப்புகிற வேகத்தைப் பற்றி 1924-லும் 1928-லும் இரண்டு கட்டுரைகள் எழுதினார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது: ஒரு கம்பியில் செகண்டுக்கு எத்தனை தடவை மின்னழுத்தத்தை மாற்றினால், அடுத்த முனையில் ஒன்றோடொன்று குழம்பாமல் பிரித்து அறியலாம்? பதிலும் எளிமையானதுதான். கம்பி எவ்வளவு அலைவரிசை அகலத்தை அனுமதிக்கிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு.

டெலிபோன் லைன் 300 ஹெர்ட்ஸிலிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் விடும். மனிதக் குரல் புரிய அது போதும் என்று அந்தக் காலத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். எனவே அகலம் 3,100. இரண்டால் பெருக்குங்கள்: செகண்டுக்கு 6,200 தடவை மாற்றலாம். அதற்கு மேல் அவசரப்பட்டால் ஒரு துடிப்பின் வால் அடுத்த துடிப்பின் தலையில் மோதும்.

ஒவ்வொரு தடவையும் ‘உண்டு, இல்லை’ என்று இரண்டே நிலைகளை அனுப்பினால் ஒரு பிட். மொத்தம் 6,200 பிட். நான்கு நிலைகள் வைத்துக்கொண்டால் ஒரு தடவைக்கு இரண்டு பிட், 12,400. எட்டு நிலை என்றால் 18,600. பதினாறு, 24,800. முப்பத்திரண்டு, 31,000. நிலைகளை இரட்டிப்பாக்கும்போதெல்லாம் 6,200 கூடுகிறது. சூத்திரமாக எழுதினால்:

```
2B log2 M
```

`B` அகலம், `M` நிலைகளின் எண்ணிக்கை. அப்படியானால் ஆயிரம் நிலை, லட்சம் நிலை என்று வைத்துக்கொண்டு எத்தனை வேகம் வேண்டுமானாலும் போகலாமே? நைக்விஸ்டின் கணக்கில் இதற்குத் தடை இல்லை. ஏனென்றால் அதில் இரைச்சல் இல்லை.

களத்து மேட்டில் நெல் அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரக்காலை அள்ளிக் கொட்டும்போது முதல் எண்ணை ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். மங்கலத்துக்காகச் சொல்வது என்றாலும் அதில் ஒரு செளகரியம் உண்டு. எவ்வளவு கூச்சலிலும் ‘லாபம்’ வேறு எந்த எண்ணோடும் குழம்பாது. ஆனால் ஏழும் எட்டும் அப்படி இல்லை. பக்கத்தில் டிராக்டர் உறுமினால், எண்ணுகிறவர் சொன்னது ஏழா எட்டா என்று கணக்கெழுதுபவர் திண்டாடுவார். கம்பியிலும் இதே கதைதான். நிலைகளை நெருக்கி நெருக்கி வைத்தால், ஒரு சின்ன இரைச்சல் பதினேழாம் நிலையைப் பதினெட்டாகக் காட்டிவிடும்.

இரைச்சலை ஒழித்துக்கட்டலாமே என்பீர்கள். முடியாது. எந்தக் கம்பியிலும் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் சும்மா துள்ளிக்கொண்டே இருக்கும். அது ஒரு ஓயாத முணுமுணுப்பு. இதை ஜான்சன் அளந்து காட்ட, 1928-ல் கணக்குப் போட்டு விளக்கியவரும் அதே நைக்விஸ்ட்தான். 

இங்கேதான் இரண்டாமவர் வருகிறார். கிளாட் ஷானன், பெல் ஆய்வுக்கூடம், 1948. இரைச்சல் உள்ள ஒரு பாதையில் தவறில்லாமல் அனுப்பக்கூடிய அதிகபட்ச வேகம் இதுதான் என்று ஒற்றை வரியில் எழுதினார்:

```
C = B log2(1 + S/N)
```

`S` நம் சமிக்ஞையின் சக்தி, `N` இரைச்சலின் சக்தி. நம் ஆசிரியரின் லைனைப் போட்டுப் பார்க்கலாம். ஓரளவு நல்ல டெலிபோன் லைனில் சமிக்ஞை இரைச்சலைவிட ஆயிரம் மடங்கு பலமாக இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினீயர்கள் இதை 30 டெசிபல் என்பார்கள். 1,001-க்கு இரண்டின் அடிமானத்தில் லாகரிதம், கிட்டத்தட்ட 9.97. அதை 3,100-ஆல் பெருக்கினால் சுமார் 30,900 பிட். அவ்வளவுதான். பிரம்மதேவனே மோடம் செய்தாலும் அந்த லைனில் 30,900-ஐத் தாண்ட முடியாது.

இந்த இரண்டு சூத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரு ஒற்றுமை தெரியும். சக்தியில் ஆயிரம் மடங்கு என்றால் மின்னழுத்தத்தில் அதன் வர்க்கமூலம், அதாவது சுமார் 31.6 மடங்கு. இரைச்சலுக்கு நடுவில் குழம்பாமல் நிற்கக்கூடிய நிலைகள் ஏறக்குறைய 31.6தான். நைக்விஸ்டின் சூத்திரத்தில் `M`-க்குப் பதில் 31.6 போட்டால் அதே 30,900 வருகிறது. செகண்டுக்கு எத்தனை தடவை பேசலாம் என்றார் முதலாமவர். ஒவ்வொரு தடவையும் எத்தனை விதமாகப் பேசலாம் என்று முடித்தார் இரண்டாமவர்.

சரி, சத்தம் போட்டுப் பேசினால்? சக்தியை இரட்டிப்பாக்கினால் 2,000 மடங்கு. லாகரிதம் ஒன்றே ஒன்று கூடும். ஆதாயம் 3,100 பிட். இன்னொரு 3,100 வேண்டுமென்றால் மறுபடி இரட்டிப்பு. வட்டிக்கு வாங்கி வட்டி கட்டுகிற கதை. நேர்மாறாக, மழையில் ஜாயின்ட்டுக்குள் தண்ணீர் போய் லைன் கரகரவென்று ஆகி, விகிதம் 24 டெசிபலுக்கு, அதாவது 250 மடங்குக்கு விழுந்தால், உச்சம் சுமார் 24,700. நிஜ மோடம் எப்போதும் உச்சத்துக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கும், 2,400-ன் படிகளில். வெயிலில் 26,400, மழையில் 21,600. ஆசிரியரின் மோடம் சோம்பேறி இல்லை, கணக்குத் தெரிந்தது.

அப்படியானால் 56 கே என்பது பொய்யா? ஷானனை மீற முடியாது என்றால் பெட்டியில் எப்படி அப்படிப் போட்டார்கள்?

மீறவில்லை, ஒரு இரைச்சலைத் தவிர்த்தார்கள். எக்ஸ்சேஞ்சில் உங்கள் குரலை செகண்டுக்கு 8,000 தடவை அளந்து (3,400-க்கு இரண்டு மடங்கு 6,800, கொஞ்சம் தாராளமாக 8,000, இதுவும் நைக்விஸ்ட்தான்), ஒவ்வொரு அளவையும் எட்டு பிட் எண்ணாக ஆக்குகிறார்கள். மொத்தம் 64,000. அளக்கும்போது எண்ணை முழுசாக்குவதில் சிறு பிழை வரும். அந்தப் பிழையே ஒரு இரைச்சல். நல்ல லைனில் பெரிய வில்லன் அதுதான். இன்டர்நெட் கம்பெனி எக்ஸ்சேஞ்சோடு டிஜிட்டலாக இணைந்திருந்தால், அங்கிருந்து உங்களுக்கு வருவது ஏற்கெனவே எண்ணாகவே இருக்கிறது. அளக்கவே வேண்டாம், பிழையும் இல்லை. எட்டில் ஏழு பிட்டை நம்பலாம்: 8,000 பெருக்கல் ஏழு, 56,000. 1998-ல் இது சர்வதேசத் தரமாயிற்று. ஆனால் உங்களிடமிருந்து போகிற திசையில் அளந்தே ஆகவேண்டும் என்பதால் அங்கே பழைய 33,600தான்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வழியில் எண்ணைக் குரலாக்குவது ஒரே ஒரு தடவை, அதுவும் உங்கள் எக்ஸ்சேஞ்சில் மட்டும்தான் நடக்கவேண்டும். கிராமத்து எக்ஸ்சேஞ்சுக்கும் டவுன் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில் பழைய அனலாக் இணைப்பு இருந்தால், மறுபடி அளவு, மறுபடி பிழை, தந்திரம் பலிக்காது. கண்டுபிடிக்க எளிய வழி: மோடம் எந்த நாளிலாவது 33,600-க்கு மேல் காட்டியிருக்கிறதா? காட்டியிருந்தால் பாதை டிஜிட்டல், மிச்சம் உங்கள் வீட்டுக் கம்பியின் தகராறு. ஒரு நாள்கூடக் காட்டவில்லையென்றால், புது மோடம் வாங்கிப் பிரயோஜனமில்லை. ஆசிரியருக்கு ஒரு நாள்கூடக் காட்டியதில்லை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, முழுசும் சொல்லவில்லை.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தபோது அதே செப்புக் கம்பியில் லட்சக்கணக்கான பிட் ஓடியதே, எப்படி? சூத்திரத்தில் `B`-யைப் பாருங்கள். 3,400 என்பது கம்பியின் எல்லை இல்லை; எக்ஸ்சேஞ்சில் குரலுக்காக வைத்த வடிகட்டியின் எல்லை. அதைத் தவிர்த்தால் கம்பி பதினோரு லட்சம் ஹெர்ட்ஸ் வரை தாங்கும். அதைச் சுமார் 4,300 ஹெர்ட்ஸ் அகலத்தில் 256 சின்ன வாய்க்கால்களாகப் பிரித்தார்கள். 30 டெசிபல் உள்ள ஒரு வாய்க்கால் மட்டுமே கொள்கையளவில் 43,000 பிட் கொள்ளும். ஆசிரியரின் முழு டெலிபோனைவிட அதிகம். கரையை உயர்த்துவதைவிட ஆற்றை அகலப்படுத்துவது எவ்வளவு லாபம் பாருங்கள்.

இதிலும் கடைமடைக்காரருக்குக் கஷ்டம்தான். உயர்ந்த அலைவரிசைகள் கம்பியில் சீக்கிரம் தேய்ந்துபோகும். எக்ஸ்சேஞ்சிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளியிருந்தால் மேல் வாய்க்கால்கள் இரைச்சலுக்குள் முங்கிவிடும், கீழே உள்ளவை மட்டும் ஓடும். செப்புக் கம்பி இன்னும் இருக்கிற வீட்டில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தால் `SNR Margin` என்று ஒரு எண் இருக்கும். இப்போதைய வேகத்துக்குத் தேவையானதைவிட இரைச்சல் விகிதம் எத்தனை டெசிபல் உபரியாக இருக்கிறது என்பது அது. பத்துக்கு மேல் என்றால் நிம்மதி. ஆறுக்குக் கீழே என்றால் மழை வந்தால் அடிக்கடி அறுந்து அறுந்து சேரும். அப்போது வேகத்தைக் கூட்டச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். குறைக்கச் சொல்லுங்கள். நிற்காமல் ஓடும்.

செல்போனுக்கும் இதே சூத்திரம்தான். திரையில் கோடு முழுசாக இருந்தும் இழுக்கிறது என்றால், கோடு பெரும்பாலும் `S`-ஐத்தான் சொல்கிறது. பக்கத்து டவர்களின் இரைச்சலாகிய `N`-ஐச் சொல்வதில்லை. இன்னொன்றும் சூத்திரத்திலேயே இருக்கிறது. சமிக்ஞையும் இரைச்சலும் சரிசமமாக இருந்தால் `S/N` ஒன்று; இரண்டின் லாகரிதம் ஒன்று; `C` அப்படியே `B`-க்குச் சமம். சுற்றியுள்ள கூச்சல் நம் குரலுக்குச் சமமாக இருந்தாலும் பிழையில்லாமல் பேச முடியும். நிதானமாகப் பேசவேண்டும், அவ்வளவுதான்.