பாட்டி எப்படி மாடிக்கு வந்தார்?

சனிக்கிழமை பயிற்சி என்றாலே ஆசிரியர்களின் முகம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு சனிக்கிழமைகள், காலை எட்டு முதல் ஒரு மணி வரை. தலைப்பு: மாணவர் கட்டுரைகளுக்கு எழுத்துவழிக் கருத்துரை வழங்குதல். பதினைந்து ஆண்டுகளாகக் கட்டுரை திருத்துகிறேன். இதில் எனக்குச் சொல்லித்தர என்ன இருக்கிறது என்ற நினைப்போடுதான் போனேன்.

வரும்போது ஒரே ஒரு மாணவரின் கட்டுரை நோட்டுப்புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஐந்தாம் ஆண்டில் எழுத்துப்பிழை அதிகம் செய்யும் பையனுடையதை எடுத்துப் போனேன். பயிற்றுநர் பணி ஓய்வு பெற்ற விரிவுரையாளர் அம்மா. வந்ததும் கோட்பாடு எதுவும் பேசவில்லை. "ஆண்டுத் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு கட்டுரையிலும் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணி, தேதி போட்டு எழுதுங்கள்" என்றார்.

எண்ணினேன். 26. அடுத்தது 21. பிறகு 15. கடைசிக் கட்டுரை 11.

பிழைகள் குறைந்துகொண்டே வந்ததை நான் கவனித்திருந்தேன். என் திருத்தம் வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் மகிழ்ந்தும் இருந்தேன். வரிகள் குறைந்ததால் பிழைகள் குறைந்தன என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பத்து வரிக்கு எத்தனை பிழை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், தொடக்கத்தில் இருந்ததைவிடக் கூடியிருந்தது.

பக்கத்தில் இருந்த ஆசிரியை தம் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பற்றிச் சொன்னார். பிடித்த பழம் பற்றி எழுதச் சொன்னதற்குக் கொய்யாவைப் பற்றி எழுதினாளாம். "உனக்கு வாழைப்பழம்தானே பிடிக்கும்?" என்று கேட்டதற்கு, "கொய்யால ழகரமே இல்ல டீச்சர்" என்றாளாம். எல்லாரும் சிரித்தோம். விரிவுரையாளர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் பிள்ளை உங்கள் திருத்தத்திலிருந்து மிகச் சரியாகப் பாடம் கற்றுக்கொண்டிருக்கிறாள். நீங்கள் கற்பிக்க நினைத்த பாடம்தான் அது இல்லை" என்றார்.

அடுத்த சனிக்கிழமை, நான் கொண்டுபோன நோட்டிலிருந்த கடைசிக் கட்டுரையை, பெயரையும் என் சிவப்பு மையையும் நீக்கிவிட்டு, பிழைகளை அப்படியே வைத்துத் தட்டச்சு செய்து எங்கள் 18 பேருக்கும் கொடுத்தார். 2021 டிசம்பரில் சிலாங்கூரைப் புரட்டிப் போட்ட வெள்ளத்தை வாசகர்கள் மறந்திருக்க முடியாது. ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் எத்தனையோ வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கிப்போனது. அந்தப் பையனின் வீடும் அந்த வட்டாரத்தில்தான். தலைப்பு, 'என்னால் மறக்க முடியாத நாள்'. நடுப்பகுதி இது:

"அன்று மழை நிக்கவே இல்லை. தன்னி வீட்டுக்குள் வந்தது. அம்மா தம்பியை தூக்கி கொண்டு ஓடினார். அப்பா எங்கலை மாடிக்கு போக சொன்னார். பாட்டி மட்டும் வர மாட்டேன் என்று சொன்னார். சாமி படம் இல்லாமல் வர மாட்டேன் என்று அழுதார். தன்னி முட்டி வரை வந்தது. பிறகு படகு வந்தது. நாங்கள் எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தோம்."

பத்து நிமிடம் கொடுத்தார். திருத்தினோம். பிறகு தாள்களை வாங்கிக்கொண்டு கட்டுரையை ஒருமுறை நிறுத்தி நிதானமாகப் படித்தார். அடுத்து, நாங்கள் எழுதிய கருத்துரைகளை மட்டும் ஒவ்வொன்றாக வாசித்தார். 'பிழைகளைத் தவிர்க்கவும்.' 'ஒற்றுப்பிழை அதிகம்.' 'நல்ல முயற்சி, ஆனால் கவனம் தேவை.' 'இன்னும் விரிவாக எழுதுக.' 18 பேரில் ஒருவர்கூட, பாட்டி என்ன ஆனார் என்று கேட்கவில்லை. தண்ணீர் முட்டி வரை வந்துவிட்டது, பாட்டி அழுதுகொண்டு கீழே நிற்கிறார், அடுத்த வரியில் படகு வருகிறது, எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். நாங்கள் எல்லாரும் தகப்பன் பெயரைக்கூடக் கேட்காமல் பாரம் நிரப்பும் குமாஸ்தாக்களைப் போல வட்டம் போட்டிருந்தோம். நோட்டில் நான் முன்பே போட்டிருந்த வட்டங்கள் 23. 'பிழைகள் அதிகம். கவனமாக எழுதுக' என்பது அங்கே என் கையெழுத்து.

அதன் பிறகு அவர் சொன்ன முறை எளிதானது, கடைப்பிடிப்பதுதான் கடினம். முதல் வாசிப்பில் பேனா கையில் இருக்கக் கூடாது. படித்து முடித்ததும், எழுத்தை நம்பிப் படித்த வாசகராக ஒரு கேள்வியை எழுத வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாணவர் கட்டுரைக்குள் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். 'விரிவாக எழுதுக' என்றால் பிள்ளை எங்கே போவான்? 'பாட்டி எப்படி மாடிக்கு வந்தார்?' என்றால் ஏழாவது வரிக்கும் எட்டாவது வரிக்கும் நடுவில் போவான்.

பாராட்டும் அப்படித்தான். 'அருமை', 'நன்று' என்பவை எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும். பாராட்டிவிட்டு உடனே 'ஆனால்' போடுகிற நம் வழக்கத்தைப் பிள்ளைகள் மூன்றே வாரத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பாராட்டைத் தாண்டி நேராக 'ஆனால்' என்ற இடத்திலிருந்து படிக்கிறார்கள். எந்த வரி, அது வாசகரை என்ன செய்தது என்று சொன்னால் போதும்.

பிழைகளை என்ன செய்வது? நான் கை தூக்கிக் கேட்ட கேள்வி இதுதான். அவர் பிழைகளை மூன்று குவியலாகப் பிரிக்கச் சொன்னார். 'தம்பியை தூக்கி', 'மாடிக்கு போக' ஆகியவை ஒரு வகை. ஐ, கு என்ற உருபுகளுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும் என்ற விதி ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரியும். எழுதும் வேகத்தில் மறந்துபோகிறது. இங்கே ஒன்றை மட்டும் திருத்திக் காட்டிவிட்டு, மற்ற வரிகளின் ஓரத்தில் புள்ளி வைத்தால் போதும். எந்தச் சொல் என்பதை அவனே தேட வேண்டும். 1983இல் ரிச்சர்ட் ஹாஸ்வெல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கல்லூரி மாணவர்களிடம் இப்படி ஓரக்குறி மட்டும் போட்டுப் பார்த்தார். பாதிக்கு மேற்பட்ட பிழைகளை மாணவர்கள் தாங்களாகவே திருத்தினார்கள்.

'தன்னி', 'எங்கலை' வேறு வகை. நம் பிள்ளைகளில் பலருக்குப் பேச்சில் ன, ண வேறுபாடும் ல, ள வேறுபாடும் காதில் விழுவதே இல்லை. வீட்டிலும் அப்படித்தான் பேசுகிறோம். கேட்காத வேறுபாட்டைப் புள்ளி வைத்துத் தேடச் சொல்வது இருட்டில் ஊசி தேடச் சொல்வது மாதிரி. சரியான சொல்லை எழுதிக் கொடுத்துவிட வேண்டும், ஒரு கட்டுரைக்கு இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் போகாமல். மூன்றாவது குவியல், 'நிக்கவே' போன்றவை. இந்த முறைக்கு அதை விட்டுவிடலாம். விடுவது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது தமிழாசிரியர்களுக்குத் தெரியும்.

மதிப்பெண் பற்றியும் பேச்சு வந்தது. ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. அங்கே கொடுத்தவை கட்டுரைகள் அல்ல, சிறு சிந்தனைப் பயிற்சிகள். ஆனாலும் நம் வகுப்பில் தினமும் நடப்பது அதுதானே? நோட்டைத் திறந்ததும் எண்ணைப் பார்ப்பான், பக்கத்துப் பையனின் எண்ணைப் பார்ப்பான், மூடிவிடுவான். அதனால் முதல் வரைவுக்கு எண் வேண்டாம், இரண்டாவதற்குப் போடலாம் என்று முடிவானது. இரண்டாவதை எழுத வகுப்பிலேயே 20 நிமிடம் ஒதுக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பினால் அக்கா எழுதிக் கொடுத்துவிடுவாள்.

திங்கட்கிழமை அந்தத் தட்டச்சுத் தாளையே, வலப்பக்கம் அகலமாக இடம் விட்டு, பையனிடம் கொடுத்தேன். பச்சை மையில் இரண்டே வரி எழுதியிருந்தேன். 'சாமி படம் இல்லாமல் வர மாட்டேன் என்று பாட்டி அழுத இடத்தில் எனக்குப் பயமாகிவிட்டது. பாட்டி எப்படி மாடிக்கு வந்தார்?' 'தம்பியைத் தூக்கி' என்று ஒரு திருத்தம், நான்கு புள்ளிகள், ஓரத்தில் 'தண்ணீர்', 'எங்களை'.

அவன் தாளைப் புரட்டிப் பார்த்தான். மதிப்பெண் எங்கே என்று தேடினான் போலிருக்கிறது. பிறகு என் மேசைக்கு வந்தான்.

"டீச்சர், அது சாமி படம் இல்ல."

"பின்னே?"

"தாத்தா படம். சாமி மேடையில இருக்கும்."

"அப்புறம் ஏன்டா சாமி படம்னு எழுதின?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "தாத்தா படம்னு எழுதினா, தாத்தா இறந்துட்டார்னு எழுதணும். அது சின்ன 'ர'வா பெரிய 'ற'வான்னு தெரியல."

கொய்யாக் கதைக்கு நான் சிரித்தது நினைவுக்கு வந்தது. 'இறந்தார்' என்று அவன் தாளின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது வரைவு 19 வரி. நான்கு புள்ளிகளில் மூன்றைக் கண்டுபிடித்திருந்தான். எழுத்துப்பிழை ஆண்டு இறுதிவரை போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'எங்கலை' இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது.

வேறு தொல்லைகளும் வந்தன. ஒரு தாயார் நோட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "டீச்சர், இங்கே பிழை இருக்கே, நீங்க பார்க்கலையா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், திருத்தாத பிழை பெற்றோர் கண்ணுக்கு ஆசிரியரின் சோம்பலாகத்தான் தெரியும். நோட்டுச் சோதனையிலும் அதே கேள்வி வந்தது. இப்போது நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கிறேன்: முதல் வரைவில் ஒரு வகைப் பிழை மட்டுமே பார்க்கப்படும், புள்ளியிட்ட வரியில் பிழையை மாணவரே தேடுவார், இரண்டாம் வரைவுக்கே மதிப்பெண். இந்த மாதம் எந்த வகைப் பிழை என்பதையும் பென்சிலில் எழுதிவைக்கிறேன். 34 பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு கட்டுரைக்கும் இப்படிச் செய்ய நேரமில்லை. மாதத்தில் ஒரு கட்டுரைக்குத்தான் முடிகிறது. மற்றவற்றுக்கு ஒரு கேள்வி மட்டும் எழுதுகிறேன்.

பையனின் அந்தத் தாளை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். படகு வருவதற்கு முன் அவன் சேர்த்த பகுதி இது, பிழையோடு அப்படியே:

"அப்பா மருபடியும் கீழே போனார். தாத்தா படத்தை எடுத்து பாட்டி கையில் கொடுத்தார். தாத்தா போன வருடம் இறந்தார். அப்பா பாட்டியைத் தூக்கினார். பாட்டி தாத்தாவைத் தூக்கினார். அப்படித்தான் மாடிக்கு வந்தார்கள் டீச்சர்."