தேவராஜா சந்தைப் படம்

மைசூருவில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், வீதியில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம். வாய்மொழித் தேர்வில் மூன்றும் ஒருங்கே நாவில் வந்து நிற்கும். அத்தேர்வுக்கு ஆயத்தமான மாணவி ஒருத்திக்கு ஆசிரியர் ஒரு படத்தைக் கொடுத்தார். அது தேவராஜா சந்தையின் பூக்கடை.

"பூ இருக்கிறது. கூடை இருக்கிறது. ஒரு பெண் இருக்கிறார்" என்று அவள் தொடங்கினாள். பிழை ஏதுமில்லை, ஆனால் அது பட்டியல், வருணனை அன்று. 'இருக்கிறது' என்னும் சொல்லை விலக்கிப் பேசுமாறு ஆசிரியர் பணித்தார். இப்போது அவள் வேறு வினைச்சொற்களைத் தேட வேண்டியதாயிற்று.

"இது தேவராஜா சந்தை. பூ விற்கும் பெண் மல்லிகைச் சரத்தை முழம் போட்டு அளக்கிறார். எதிரே நிற்பவர் பெலெ கேட்கிறார். விளக்குகள் எரிவதால் மாலை நேரம் எனத் தோன்றுகிறது."

முதலில் இடம், அடுத்து மாந்தரின் செயல், பின்னர் காரணத்தோடு ஊகம் என வருணனை ஒழுங்குபட்டது. 'பெலெ' மட்டும் கன்னடம். தமிழில் அது 'விலை'. இரண்டும் உறவுச் சொற்களே. கன்னடத்தின் 'பெண்டெ' தமிழில் வெண்டை, 'ஹாலு' பால், 'ஹுலி' புலி. சொல் மறந்த வேளையில் இந்த உறவு கைகொடுக்கும். எப்போதும் கைகொடுக்கும் என்று நம்பிவிடலாகாது. 'ஹண்ணு' என்பதை அவ்வாறே மாற்றினால் 'பண்ணு' என்றாகும். கன்னடத்தில் அதன் பொருளோ பழம்! அத்தகைய இடத்தில், 'காய் கனிந்தால் கிடைப்பது' என்று விளக்கிச் சொல்வதே தக்க வழி.

அடுத்துக் கருத்துக் கூறும் பகுதி. தேவராஜா சந்தைக் கட்டடத்தின் ஒரு பகுதி 2016இல் இடிந்து விழுந்தது. முழுவதையும் இடித்துப் புதிதாகக் கட்டுவதா, பழுதுபார்த்துக் காப்பதா என்று ஊரில் விவாதம் எழுந்தது. "காக்க வேண்டும், அழகாக உள்ளது" என்றாள் மாணவி. எக்கட்டடத்துக்கும் பொருந்தும் காரணம் அது. "இடிந்தால் யார் பொறுப்பு?" என்று ஆசிரியர் மறுத்துக் கேட்டார். அவள் சற்று எண்ணி, "அந்த அச்சம் நியாயமே. ஆயினும், பழுதான பகுதியைச் சீர்செய்ய இயலுமாயின், நூறாண்டு கடந்த கட்டடம் முழுவதையும் இடிக்க வேண்டியதில்லை" என்றாள். எதிர்க்கருத்தை ஒப்புக்கொண்ட பிறகே அவளுடைய கருத்துக்கு வலிமை வந்தது.

எதிர்பாராத வினா இறுதியில் வந்தது. "அந்தப் பெண்ணின் இடத்தில் நீ இருந்து, பூ மிஞ்சிவிட்டால்?"

மாணவி திகைத்தாள். மௌனமாக நிற்கவில்லை, வினாவையே தன் சொற்களில் திருப்பிக் கூறினாள். "விற்காத பூவை நான் என்ன செய்வேன் என்று கேட்கிறீர்களா, ஐயா?" அவர் தலையசைப்பதற்குள் விடை உருவாகிவிட்டது.

"நீர் தெளித்து, ஈரத்துணியில் சுற்றி வைப்பேன். காலையில் மணம் குறைந்திருந்தால், விலையையும் குறைப்பேன்."