மல்லியா, நந்தியாவட்டையா?

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் வாசல் பூக்கடையை செல்போன்ல க்ளிக்கினேன். வெள்ளைப் பூவைப் பார்த்த ரூம்மேட், "மல்லிதானேடீ?"ன்னா. ஜூம் பண்ணி எண்ணினோம். அஞ்சே இதழ். காத்தாடி மாதிரி எல்லாம் ஒரே பக்கமா முறுக்கியிருந்துச்சு. நடுவுல கோடு போட்டா ரெண்டு பாதியும் கண்ணாடி பிம்பமா வரலை, சுத்தினாத்தான் பொருந்துச்சு. ஸோ, நந்தியாவட்டை! ஆனா, அடுக்கு நந்தியாவட்டைன்னா எண்ணிக்கை காலை வாரிடும். அப்போ இதழோட ஓரத்தைப் பாருங்க. நந்தியாவட்டைக்கு அலை அலையா சுருங்கியிருக்கும், குண்டுமல்லிக்கு வழவழன்னு இருக்கும்.

பக்கத்துக் கூடையில சாமந்தி. அதுல இதழை எண்ணிப் பிரயோஜனமில்ல பாஸ். இதழ்னு நாம பிய்க்கிற ஒவ்வொண்ணுமே தனிப் பூ. நடுவுல குழல் குழலா இன்னும் குட்டிப் பூக்கள். அடுக்கு ரகத்துல அது மறைஞ்சே போயிடும்.