நாளைக்கு ஆரு எடுப்பான்?

அடகுப் பிரிவிலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகும் கல்முனையில் என்னைத் தேடி வருகிறவர்கள் குறையவில்லை. போன பெரும்போகத்துக்கு முன் ஒரு குடும்பத்தார் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார்கள். நிதி ஆலோசனை சொல்லும் தம்பி ஒருவர் போட்டுக் கொடுத்த கணக்கு. நகை பத்து இலட்சம், நிலையான வைப்பு பத்து இலட்சம், வீடு ஒரு கோடி. அடியில் கோடு போட்டு மொத்தம் ஒரு கோடியே இருபது இலட்சம். அந்தக் குடும்பத்துக்கு அன்றைக்குத் தேவைப்பட்டதோ பதினைந்து இலட்சம்தான். வாப்பாவுக்கு இருதயச் சத்திரசிகிச்சை, ஆறு நாள் தவணை. கோடிக்கு மேல் இருந்தும் பதினைந்து இலட்சத்துக்கு வழி தெரியாமல் வந்திருந்தார்கள்.

இந்த மூன்றையும் ஒரே நிரலில் எழுதிக் கூட்டுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு சொத்தின் பெறுமதி ஒன்று. அதை எத்தனை நாளில், எவ்வளவு நட்டத்தோடு காசாக்கலாம் என்பது வேறொன்று. பொருளாதாரப் புத்தகங்கள் இதைத் திரவத்தன்மை என்கின்றன. அடகு மேசையில் இருந்த எங்களுக்கு அது தினசரி வேலை. வட்டிக் கணக்கு எழுதினவன் என்று பள்ளிவாசல் வாசலிலேயே என் காதுபடச் சொன்னவர்கள் உண்டு. அவர்களும் பிள்ளைக்கு வெளிநாட்டுப் பயணம் சரிவந்த அன்று காலையில் மாலையைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு என் மேசைக்குத்தான் வந்தார்கள்.

எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் காரைதீவுப் பத்தர் குடும்பத்திலிருந்து வந்து வங்கியில் மதிப்பீட்டாளராக இருந்த ஐயா. நகையைக் கையில் எடுத்ததும் நிறுக்க மாட்டார். முதலில் கொளுக்கியைப் பார்ப்பார். பிறகு பின்பக்கம். பிறகு உரைகல்லில் மாலையின் உடம்பை ஒரு கோடு, பற்று வைத்த மூட்டை ஒரு கோடு, அருகில் தரம் தெரிந்த தங்கக் கம்பியால் ஒரு கோடு இழுப்பார். மூன்றின் மேலும் நைத்திரிக் அமிலத்தைத் தொட்டு வைப்பார். தங்கம் குறைந்த கோடு கரைந்து மங்கும், செம்பு கூடினால் பச்சை கிளம்பும். உடம்பு இருபத்திரண்டு கரட் நிற்கும். மூட்டுக் கோடு அதே இடத்தில் மெலிந்துபோகும். பற்று வைக்கத் தரம் குறைந்த தங்கம்தான் உருகும், ஆகவே மூட்டுக் கூடின நகை உருக்கினால் குறையும். சந்தேகம் வந்தால் யாருக்கும் தெரியாத மூலையில் அரத்தால் ஒரு கீறல் போட்டு உள்ளே பார்ப்பார். இப்போது கிளைகளில் கரட் பார்க்கும் இயந்திரம் வந்துவிட்டது. அது மேற்பரப்பைத்தான் வாசிக்கும். தடித்த முலாம் போட்ட காப்பை அதில் வைத்து, திரையில் வந்த எண்ணை அப்படியே சீட்டில் எழுதும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உரைகல்லைத் தொடத் தெரியாதவரை அந்தக் கதிரையில் இருத்துகிறார்கள்.

இவ்வளவும் செய்த பிறகு ஐயா ஒரு கேள்வி கேட்பார். "தம்பி, இத நாளைக்கு விக்கச் சொன்னா ஆரு எடுப்பான்?" முதலில் எனக்கு விளங்கவில்லை. தங்கத்தை எவனும் எடுப்பானே! அவர் மேசையில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்று கல் இல்லாத வெறும் காப்புச் சோடி, மற்றது கல்லும் அரக்கும் நிறைந்த கழுத்து மாலை. நிறை ஒன்றே. காப்பைக் கல்முனைப் பசாரில் எந்தக் கடையும் நிறுத்த உடனே காசு எண்ணும். மாலைக்குக் கடைக்காரன் கல்லைக் கழிப்பான், அரக்கைக் கழிப்பான், மூட்டுக்குக் கழிப்பான், கடைசியில் உருக்கிப் பார்த்துத்தான் சொல்வேன் என்பான். தங்கத்துக்குள்ளேயே வேகமாக ஓடுகிறதும் நொண்டுகிறதும் உண்டு. கலியாண நகை வாங்கும்போது இதை யாரும் கேட்பதில்லை, சொல்லிக் கொடுப்பாரும் இல்லை.

அந்தக் குடும்பத்தின் மாலையை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க ஒரு பவுண் இரண்டு இலட்சம் என்று வைக்கிறேன். ஐந்து பவுண், நாற்பது கிராம், ஆகவே பத்து இலட்சம் என்று அந்தத் தாளில் இருந்தது. கல்லும் அரக்கும் 3 கிராம் போக 37 கிராம். உரைத்துப் பார்த்தால் இருபத்தொரு கரட்தான். இருபத்திரண்டு கரட்டுக்கு மாற்றினால் 35.3 கிராம், அதாவது 4.4 பவுண். பெறுமதி எட்டு இலட்சத்து எண்பதாயிரம். வாங்கியபோது கொடுத்த செய்கூலி அன்றைக்கே போன காசு. அடகுக்கு நூற்றுக்கு எழுபது என்று வைத்தால் ஆறு இலட்சத்துப் பதினையாயிரம் அளவில் கிடைக்கும். தாளில் இருந்த பத்து எங்கே, கையில் வரும் ஆறு எங்கே. ஆனால் அடையாள அட்டையும் நகையும் இருந்தால் அந்த ஆறு அரை மணித்தியாலத்தில் வரும், நகையும் பெயரளவில் உங்களுடையதாகவே இருக்கும். இதனால்தான் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் ஐப்பசியில் விதைக்கிறவன் மனைவியின் நகையை வைத்து உரமும் கூலியும் பார்க்கிறான், மாசி பங்குனியில் நெல்லை விற்று மீட்கிறான். வட்டி வேண்டாம் என்பவர்களுக்கு இஸ்லாமிய வங்கிப் பிரிவுகளில் தங்கத்தைப் பொறுப்பில் வைத்து உதவி பெறும் வழி இருக்கிறது. அங்கும் நகையைப் பார்க்கும் கண் ஒன்றுதான்.

தங்கம் எந்த நாளும் ஓடும் என்று நம்புகிறவர்களுக்கு 2013 ஏப்ரலைச் சொல்வேன். உலகச் சந்தையில் இரண்டே வர்த்தக நாளில் விலை நூற்றுக்குப் பதின்மூன்று அளவில் விழுந்தது. உச்ச விலையில் முற்பணம் வாங்கியவர்களுக்கு முதலும் வட்டியும் சேர்ந்து நகையின் பெறுமதியைத் தாண்டிப் போயிற்று. மீட்பதை விட விட்டுவிடுவது இலாபமென்று ஆயிற்று. நாடு முழுவதும் அடகு கொடுத்த வங்கிகளின் இரும்புப் பெட்டிகளில் மீட்கப்படாத நகை குவிந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஏலம் போட்டால் எடுக்கிறவன் சொல்வதுதான் விலை. 2014 இல் மத்திய வங்கி அடகு முற்பணங்களுக்கென்று உத்தரவாதத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஐயாவின் கேள்வி அப்போது வங்கிகளுக்கே திரும்பி வந்தது.

நிலையான வைப்புக்கு வருகிறேன். அவர்களுடைய பத்து இலட்சம் பன்னிரண்டு மாதத்துக்கு, ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டு, மாதா மாதம் வட்டி எடுக்கும் வைப்பு. ஏழு மாதம் கடந்திருந்தது. உடைக்கலாம், அன்றைக்கே காசு வரும். ஆனால் கடந்த ஏழு மாதத்துக்கும் குறைந்த வீதத்தில் வட்டியைத் திரும்பக் கணக்கிடுவார்கள். நான்கு வீதம் என்றால் வாங்கிச் சாப்பிட்ட வட்டியில் 23,333 ரூபாய் கூடுதல். அதை முதலிலிருந்து கழிப்பார்கள். வைத்த காசையே வங்கி தின்றுவிட்டது என்று கவுண்டரில் சத்தம் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் போடுகிறார்கள். உடைக்காமல் அதன் மேல் கடன் எடுக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூறு, அதாவது ஒன்பது இலட்சம், வைப்பு வட்டியை விட இரண்டு வீதம் கூட்டிப் பத்து வீதத்தில். மிச்சமிருக்கும் ஐந்து மாதத்துக்கு 37,500 ரூபாய் வட்டி. உடைத்தால் அந்த 23,333 போவதோடு அடுத்த ஐந்து மாத வட்டி 33,333 உம் போகும். ஆக, கடன் மலிவு. முதிர்வு கிட்டக் கிட்ட இந்த வித்தியாசம் பெருகும். இதை வைப்பாளருக்கு எடுத்துச் சொல்லாமல், உடைக்கும் படிவத்தை நீட்டுகிற அதிகாரிகள் இப்போது அதிகம்.

வைப்புக்கு இன்னொரு தடை, வங்கியின் கதவு. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அறிவிப்பு வந்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் 29 ஹஜ்ஜுப் பெருநாள், 30 விசேட வங்கி விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு, ஜூலை 3 போயா. தொடர்ந்து ஐந்து நாள் கிளை திறக்கவில்லை. வைப்புகளில் கைவைக்கப்படாது என்று அரசாங்கம் சொன்னது, அப்படியே கைவைக்கப்படவும் இல்லை. ஆனாலும் பெருநாள் சாப்பாட்டுக்கு இருந்த வீடுகளில் வைப்புச் சான்றிதழை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஐந்து நாளில் கையில் காப்புப் போட்டிருந்தவளுக்கு வழி இருந்தது.

கடைசியாக வீடு. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் எங்கும் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். ஒவ்வொரு மகளுக்கும் வளவைப் பிரித்துப் பிரித்து இப்போது பத்துப் பேர்ச்சும் இல்லாத துண்டுகளாக, அடுத்த வீட்டின் ஓடையால் போய் வரும் துண்டுகளாக ஆகிவிட்டன. உறுதியை விரித்தால் மகளின் பெயரில் நன்கொடை, அதில் உம்மா வாப்பாவுக்குச் சீவிய உரித்து. அவர்களும் ஒப்பம் வைக்காமல் யாரும் சுத்தமாக வாங்க முடியாது. நொத்தாரிசு முப்பது ஆண்டு உரித்துத் தொடரைக் காணிப் பதிவகத்தில் தேட வேண்டும், நில அளவைப் படம் புதிதாகக் கேட்பார்கள், ஒரு கோடிக்கு முத்திரைத் தீர்வை மட்டும் வாங்குகிறவனுக்கு 399,000 ரூபாய். இத்தனையும் நேராக நடந்தாலும் வாங்க யார் வருவார்? அதே ஓடையில் மகளுக்கு வீடு தேடும் ஒருவர், அல்லது மதிலை இடித்துச் சேர்த்துக்கொள்ள நினைக்கும் அயலவர். இரண்டு மூன்று பேர்தான் சந்தை. அவர்களில் ஒருவருக்கு விஷயம் தெரிந்துவிட்டால் ஆறு நாள் தவணையையும் தெரிந்துகொள்வார். ஒரு வருடம் பொறுத்தால் ஒரு கோடி தருகிறவர், அந்த வாரத்தில் அறுபதுக்குக் கேட்பார். விற்கிறதே மகளின் வீட்டை விற்ற பெயர். ஈட்டுக்கு வைத்து வங்கிக் கடன் எடுப்பதென்றாலும் இதே தேடலும் மதிப்பீடும் வாரக்கணக்கில் போகும்.

கரையோரத்தில் இதை விடக் கடுமையாகவும் பார்த்தோம். 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள், தெற்கில் 100. கடற்கரையோடு நெருங்கிக் கட்டிய எங்கள் ஊர்களில் 200 மீற்றர் என்றால் வரிசை வரிசையாக வீதிகள். பிறகு அந்தத் தூரத்தைத் தளர்த்தினார்கள்தான். அதுவரை உறுதி கையில் இருந்தும், காணி கிடந்த இடத்திலேயே கிடந்தும், வாங்க வருகிறவன் இல்லை.

அந்தக் குடும்பத்தினரிடம் வீட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்றேன். மாலையை அடகு வைத்தார்கள், வைப்பின் மேல் ஒன்பது இலட்சம் கடன் எடுத்தார்கள். தேவை நிறைந்தது, நான்காம் நாள் வாப்பாவைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். கத்தாரிலிருந்த மூத்த மகன் காசு அனுப்பத் தொடங்கியதும் வங்கியில் ஒரு பிள்ளை அவனிடம் முதலில் வைப்புக் கடனைக் கட்டச் சொல்லியிருக்கிறது, தொகை பெரிது என்பதால். நான் வேண்டாம் என்றேன். வைப்புக் கடனை முதிர்வு நாளில் வைப்பே அடைத்துவிடும். மாலைக்கு அப்படி அடைக்கிறவர் யாரும் இல்லை, தவணை தவறினால் ஏலக் கடிதம் வரும். மகன் அனுப்பியது எல்லாம் மாலைக்குப் போயிற்று. பங்குனியில் வைப்பு முதிர்ந்து ஒன்பது இலட்சமும் வட்டியும் கழிந்து 62,500 ரூபாய் கையில் வந்தது. அதோடு சம்மாந்துறைக் காணியின் நெல் விற்ற காசையும் சேர்த்து மாலையை மீட்டார்கள்.