நாராயணவனத்துச் சேலையும் இருவகை விளக்கக் குறிப்பும்

திருப்பதி மாவட்டத்து நாராயணவனத்தில் என் சித்தி, கைத்தறிச் சேலைகளை இன்ஸ்டாகிராம் வழியாக விற்கிறார். படங்களுக்கு அவர் இருவகைக் குறிப்புகள் எழுதுவார். ஒன்று கதை: "மாமியார் நெய்த தறியில்தான் இதுவும் பிறந்தது." மற்றொன்று விவரம்: "பருத்தி, ஐந்தரை மீட்டர், முதலிரு சலவை உப்பு நீரில்." கதை அதிகம் பேரைச் சென்றடைவதால் விவரத்தை விட்டுவிடலாமா என்று கேட்டார். மொழியியல் படித்தவள் என்ற முறையில் எனக்குக் கதையே உவப்பு. ஆயினும் எண்களைப் பார்க்காமல் விடை சொல்ல மனம் ஒப்பவில்லை.

ஒரே வகைச் சேலை, ஒரே கோணத்துப் படம், அடுத்தடுத்த வாரத்தின் அதே கிழமை என இரு பதிவுகளை எடுத்துக்கொண்டோம். எண்களைச் சற்று முழுமையாக்கித் தருகிறேன். கதைப் பதிவு: சென்றடைவு 1,200, பகிர்வு 30, சேமிப்பு 9, இணைப்புச் சொடுக்கு 4. விவரப் பதிவு: சென்றடைவு 500, பகிர்வு 5, சேமிப்பு 20, சொடுக்கு 10.

சென்றடைவு என்பது பதிவு எத்தனை கணக்குகளின் கண்ணில் பட்டது என்பதே. குறிப்பைப் படித்தார்களா என்பதை அது சொல்லாது. கதையைத் தோழிக்கு அனுப்புகிறார்கள்; அளவையும் சலவைமுறையையும் பிறகு பார்க்கச் சேமிக்கிறார்கள். ஆகவே ஒவ்வொன்றையும் சென்றடைவால் வகுத்தேன். நூறு பேருக்குச் சொடுக்கு, கதையில் 0.33, விவரத்தில் 2.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பகிர்வால் வந்த அயலார் வகுஎண்ணைப் பெருக்கிவிட்டார்களே! உண்மைதான். கதைப் பதிவைக் கண்டவர்களில் பின்தொடர்வோர் ஏறத்தாழ 450 பேர். நான்கு சொடுக்கும் அவர்களுடையவை என்றே கொண்டாலும் நூற்றுக்கு 0.9தான்.

இன்ஸ்டாகிராம் குறிப்புக்குள் இடும் இணைப்பைச் சொடுக்க இயலாது. முகப்பிலுள்ள இணைப்பைத்தான் சொடுக்க வேண்டும். எந்தக் குறிப்பு அனுப்பிய ஆள் என்றறிய, பதிவிடும் நாளில் முகப்பு இணைப்பின் வாலை மாற்றினோம்:

```
?utm_source=instagram&utm_content=kathai
?utm_source=instagram&utm_content=vivaram
```

இருப்பினும் 4-க்கு 10 என்பது போதாத சான்று. ஒரு நாணயத்தை 14 முறை சுண்டினால், பத்துக்கு நான்கோ அதைவிடச் சாய்ந்த பிரிவோ நூற்றில் 18 முறை தற்செயலாகவே வரும். எட்டு இணைப் பதிவுகளிலும் இதே போக்கு நீடித்து 32-க்கு 80 என்றானால் அந்த ஐயம் எழாது. திருவிழா வாரங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. அப்போது எந்தக் குறிப்புக்கும் ஆள் வரும்.

மூன்று இணைகள் முடிந்திருக்கின்றன. அதுவரை விவரக் குறிப்பை நிறுத்த வேண்டாம் என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறேன். "அப்போ கதையை எனக்காக எழுதிக்கிறேன்" என்றார். நேற்றும் ஒன்று எழுதினார், மிக நன்றாக இருந்தது.