நெட் இல்லையா? முதலில் எந்தப் பெட்டியைப் பார்ப்பது?

போன தவணையில் எங்கள் பாடசாலைக் கணினி அறையில் நடந்த ஒரு கூத்தைச் சொல்கிறோம். வீட்டிலும் கடையிலும் உங்களுக்கு உதவும்.

பரீட்சை விண்ணப்பங்களை ஒன்லைனில் பதிய இரண்டு நாள்தான் மிச்சம். பதினொரு கணினியில் ஆறில் நெட் ஓடுகிறது, ஐந்தில் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஓடியது நிற்கும், நின்றது ஓடும். "லைன் பிழை, கொம்பனிக்கு அடிப்போம்" என்று போனையும் எடுத்துவிட்டோம். நல்ல வேளை, வயர் வேலை செய்யும் நாநா ஒருவர் தடுத்தார்: "ஆறில ஓடுதெண்டா லைன் நல்லம்தானே ஸேர். பிழை உள்ளுக்கத்தான்."

பிறகுதான் எது எது என்ன வேலை செய்கிறது என்று உட்கார்ந்து பார்த்தோம்.

வெளியிலிருந்து வரும் பைபர் வயரின் சமிக்ஞையை நமது கருவிகளுக்கு விளங்கும்படி மாற்றுவது மோடம். அதற்கு அடுத்தது ரவுட்டர். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, யார் கேட்டது யாருக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது அதுதான். சுவிட்ச் என்பது வயர்களைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி மட்டுமே, இலக்கம் கொடுக்காது. அக்சஸ் பொயின்ட் அந்த வயரை வைஃபையாக மாற்றுகிறது. அதுவும் இலக்கம் கொடுப்பதில்லை.

குழப்பம் வருவது ஏனென்றால், கொம்பனி பூட்டித் தரும் ஒரே பெட்டிக்குள் இந்த நான்கும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். எங்கள் காரியாலயத்தில் இருப்பதும் அப்படித்தான். அதிலிருந்து ஒரு வயர் கணினி அறைச் சுவிட்ச்சுக்கு வருகிறது.

முதலில் காரியாலயப் பெட்டியின் லைட்டைப் பார்த்தோம். LOS என்ற லைட் சிவப்பில் எரிந்தால் பைபரில் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். அப்போது கொம்பனிக்குத்தான் அடிக்க வேண்டும். எங்களுடையதில் சிவப்பு இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று போனில் பார்த்தோம், நெட் ஓடியது. ஆகவே மோடமும் ரவுட்டரும் சரி.

அடுத்து, நெட் வராத கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து இதை அடித்தோம்:

```
ipconfig
```

ஓடும் கணினியில் இலக்கம் 192.168.1.23, Default Gateway 192.168.1.1. ஓடாததில் 192.168.0.104, Gateway 192.168.0.1. இந்த இரண்டாவது எங்கிருந்து வந்தது?

பழைய மாணவர் ஒருவர் அன்பளித்த பழைய ரவுட்டரை, வைஃபை வரட்டும் என்று நாங்களே சுவிட்ச்சில் செருகியிருந்தோம். அதை அக்சஸ் பொயின்ட் என்று நினைத்தோம். அதுவோ தன்னை ரவுட்டர் என்றே நினைத்து இலக்கம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் இரண்டு இடாப்பு வைத்துப் பெயர் பதிந்த மாதிரி. எந்தப் பெட்டி முதலில் பதில் சொல்கிறதோ, கணினி அதன் இலக்கத்தை எடுத்துக்கொள்ளும். பழைய பெட்டியிடம் சிக்கிய கணினிக்கு வெளியே போக வழியில்லை.

உறுதிப்படுத்த அந்த ரவுட்டரின் வயரைக் கழற்றிவிட்டு இவற்றை அடித்தோம்:

```
ipconfig /release
ipconfig /renew
```

உடனே 192.168.1 என்று தொடங்கும் இலக்கம் வந்தது; நெட்டும் வந்தது.

பழையதை வீசவில்லை. ஒரு கணினியை அதனுடன் மட்டும் வயரால் இணைத்து, உலாவியில் 192.168.0.1 என்று அடித்து உள்ளே போய், DHCP Server என்பதை நிறுத்தினோம். பிறகு அதன் சொந்த இலக்கத்தை 192.168.1.2 என்று மாற்றினோம். பெரிய பெட்டி 10இலிருந்துதான் இலக்கம் கொடுக்கிறது என்று முன்பே பார்த்துக்கொண்டதால் மோதல் வராது. கடைசியாக, சுவிட்ச்சிலிருந்து வரும் வயரை அதன் WAN துளையில் அல்ல, LAN துளையில் செருகினோம். இப்போது அது உண்மையிலேயே அக்சஸ் பொயின்ட்.

இன்னொன்று: ipconfig இல் 169.254 என்று தொடங்கும் இலக்கம் வந்தால், கணினிக்கு யாருமே இலக்கம் கொடுக்கவில்லை. அப்போது முதலில் வயரையும் சுவிட்ச்சின் லைட்டையும் பாருங்கள். வயர் செருகிய துளையில் லைட் எரியாவிட்டால் வயரை மாற்றிப் பாருங்கள்.

எல்லாருக்கும் ஒன்றாக நெட் போனால் மோடத்தைப் பாருங்கள். சிலருக்கு மட்டும் போனால் உள்ளே தேடுங்கள். அதிலும் கடைசியாக நீங்கள் செருகிய பெட்டியிலிருந்து தொடங்குங்கள். எங்கள் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் அன்று அஸருக்கு முன்பே பதிந்து முடிந்தன.